கூட்டுக் கல்லும் தலைகீழாக வந்த தடைக் கல்லும்

காந்தா அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வந்த மூன்றாம் நாளே அவள் செருப்புக்குள் ஒரு நண்டை விட்டேன். அவள் அலறவில்லை. நண்டைப் பிடித்துக் குழம்பில் போட்டாள். சாப்பிடும்போது, "கொழுந்தனாரே, நாளைக்கு இன்னும் பெருசா பாத்துப் போடுங்க, ஒண்ணு பத்தல" என்றாள். அன்றிலிருந்து அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம், அதற்கு மேல் வேறொன்றும் உண்டு. அதை எழுதினால் என் கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

அவள் பிறந்த ஊர் ஆரம்பாக்கம். எட்டாவது வரை படித்தவள். என்னைவிட ஒரு வகுப்பு அதிகம், அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் குப்பத்துக்கு அங்கிருந்து வர ரயில், பஸ், கடைசியில் படகு என்று மூன்று வேண்டும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் தருமனும் நானும் தண்ணீர்ச் சோறு தின்று கிடந்தோம். அவள் வந்ததும் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அடுப்பு எரிவது எங்கள் குப்பத்தில் சாதாரண விஷயமில்லை. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எவன் வலை கட்டுவது என்று குப்பம் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் ஏரிக்கரையில் பிறந்திருந்தாலும் அடுத்தவன் படகில் கூலிதான். கல்யாணமாகி, குப்பத்தில் குடித்தனம் நடத்துகிறவனுக்குத்தான் பாடு. குடித்தனம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? சீட்டுப் போடும் நாள் காலையில் தலையாரி கண்ணப்பன் நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாக வருவார். அடுப்பில் நெருப்பு இருந்தால் பேர் உண்டு. சாம்பல் குளிர்ந்து கிடந்தால் பேரை அடித்துவிடுவார். மறுபடி பேர் ஏற ஒரு வருஷம் ஆகும்.

ஆக, அண்ணி வந்ததால் அண்ணனுக்குப் பாடு வந்தது. அண்ணன் அதை மறக்கவில்லை. மறக்காததுதான் தொல்லை. கையில் வந்த பாடு போய்விடுமோ என்று அவளைப் பொத்திப் பொத்தி வைத்தான். பொன்னேரி சந்தைக்குப் போகாதே. பழவேற்காட்டில் இறாலைக் கொடுத்ததும் அடுத்த படகில் திரும்பு. அம்மா வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காதே. அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. கதவைச் சாத்துகிறவன், அவ்வளவுதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, புளி திருடலாம் என்று மிளகாய்ப் பானைக்குள் கைவிட்டேன். புளி இல்லை, ஒரு காகிதம் இருந்தது. ஆரம்பாக்கத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்ணிக்கு வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. அந்த வேலையைப் பற்றி அண்ணி ஆறு மாதம் முன்னால் அண்ணனிடம் கேட்டாள். அவன், "ஊர்ப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடப் போறியா, இங்க யாரு ஆக்கறது?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டான். அவளும் முடித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தோம். அவள் அம்மாவை வைத்து மனுப் போட்டிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமைதான் சீட்டுப் போடும் நாள்.

காகிதத்தைப் பானையிலேயே வைத்தேன். கை முழுக்க மிளகாய். கண்ணைத் துடைத்துவிட்டேன், அதனால் தண்ணீர் வந்தது. அதனால்தான் வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் அண்ணி என்னிடம், "நாளைக்கு ஷுக்கூர் பாய்கிட்ட கல்லு பாக்கணும். உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறந்தே, இறால் கூடையில உன்னையும் போட்டு எடை போட்டுடுவேன்" என்றாள்.

அப்துல் ஷுக்கூர் பாய் பழவேற்காடு படகுத்துறையில் ஐஸ் கடை வைத்திருந்தார். அதற்கு முன் பத்து வருஷம் நார்வேக்காரன் கப்பலில் சமையற்கட்டு வேலை. கப்பலைவிட்டு இறங்கும்போது கூட வேலை செய்த ஒருத்தன் ஒரு தோல் பையைக் கொடுத்தானாம். உள்ளே இருபத்தைந்து கூழாங்கற்கள். இருபத்துநாலில் கோடு கோடாக எழுத்து, ஒன்று வெறுங்கல். அந்த எழுத்துக்கு ரூன் என்று பெயர். அந்தப் பக்கத்துப் பழைய ஜனங்கள் எழுதியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அர்த்தத்தை அவன் சொல்ல, பாய் சமையல் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். பாய் பெண்டாட்டி ஜொஹராவுக்கு இது பிடிக்காது. "ஹராம், மார்க்கத்துல கூடாது" என்பார். பாயோ, "நாளைக்கு மழை வருமான்னு கேட்டா சொல்லாது. குடை எங்க வெச்சேன்னு யோசிக்க வைக்கும், அவ்ளோதான்" என்பார்.

எனக்கு அந்தக் கற்களில் பாதி தெரியும். கடைவாசலில் உட்கார்ந்து ஐஸ் தூளைத் தின்றபடி எத்தனை பேருக்கு அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெருக்கல் குறி மாதிரி இருப்பது கூட்டுக் கல்: புருஷன் பெண்டாட்டி, தொழில் கூட்டாளி, கொடுப்பது வாங்குவது. ஒரு நேர்கோட்டின் மேல் சின்னச் சாய்வுக்கோடு வெட்டிப் போவது தடைக் கல். கூட்டும் தடையும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? குடித்தனம் ஒரு பக்கம், போகாதே என்கிற தடை இன்னொரு பக்கம். அண்ணி போக மாட்டாள். ஏழாவது வரை படித்த மூளை இவ்வளவுதான் கணக்குப் போட்டது.

வியாழக்கிழமை முதல் படகிலேயே பாய் கடைக்கு ஓடினேன். பாய் ஐஸ் பாரை உமி மூட்டையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். பை ஆணியில் தொங்கியது. கூட்டுக் கல், தடைக் கல் இரண்டை மட்டும் வெளியே எடுத்தேன். மிச்சம் இருபத்துமூன்றையும் என் கைக்குட்டையில் இறுக்கி முடிந்து பையின் அடியில் அழுத்தினேன். இரண்டையும் மேலே போட்டேன். கனம் அதே கனம். கை விட்டால் அந்த இரண்டுதான் சிக்கும்.

ஒன்பது மணிக்கு அண்ணி வந்தாள். இறாலைக் கொடுத்துவிட்டு, திரும்புகிற படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். படகு போக அரை மணி இருந்தது.

"எப்படிக் கேக்கணும் பாய்?"

"போவலாமா வேணாமான்னு கேக்காதம்மா. ஆமா, இல்லேன்னு சொல்ற கல்லு இல்ல இது. என் நெலமை இன்னான்னு மனசுல ஒரே வரியா நெனச்சிக்க. வாய்விட்டுச் சொல்ல வேணாம்."

அவள் கண்ணை மூடினாள். பாய் பையை எடுத்துக் குலுக்கினார்.

இரண்டு கல் மட்டும் டொக்கென்றது.

இருபத்தைந்து கூழாங்கல் குலுங்கினால் சோழி மாதிரி சலசலக்க வேண்டும். பை ஈர மணல் மாதிரி ஆடியது. பாயின் கை நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஐஸ் பாரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று நின்றேன்.

அவர் பையை அண்ணியிடம் நீட்டினார். "பாக்காம எடும்மா. மொதக் கல்லு உன் நெலமை. வலது பக்கம் வையி. ரெண்டாவது, அதை நெருக்கறது இன்னான்னு சொல்லும். அதுக்கு இடது பக்கம். வலத்துலேர்ந்து இடமாப் படிக்கணுமாம். எனக்கு அரபு ஓதின பழக்கம், கஷ்டமில்ல."

முதலில் வந்தது கூட்டுக் கல். பக்கத்தில் தடைக் கல்லை வைத்தாள்.

பாய் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துறையில் படகுக்காரன் முதல் குரல் கொடுத்தான்.

"இது கூட்டு. இதுக்குத் தலைகீழ் கிடையாது, எப்படித் திருப்பினாலும் இதே குறிதான். நல்ல கல்லு. ஆனா கோட்டைப் பாரு. ரெண்டு கோடு ஒரு எடத்துல சேருது. சேந்தப்புறம் ஒண்ணை ஒண்ணு முழுங்கல. ரெண்டும் அதது வழியில நீண்டு போவுது. ரெண்டு முழு ஆளு சேந்தாத்தான் இது. ஒரு ஆளு இன்னொரு ஆளுக்குள்ள கரைஞ்சி போனா அது கூட்டு இல்ல. இன்னொண்ணு, இது கொடுக்கற கல்லு. ஒருத்தரே கொடுத்துக்கினு இருந்தா கோடு ஒண்ணுதான் மிஞ்சும்."

அண்ணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "பக்கத்துல இருக்கறது?"

"தடை. தேவைன்னும் அதுக்குப் பேரு. குளிர் நாட்டுல கட்டையோட கட்டையை உரசி நெருப்பு எடுப்பாங்களாம், அந்தக் குறி. உரசினா கை எரியும். உரசலேன்னா குளிர்ல சாவணும்."

"அப்ப போவாதேன்னு சொல்லுதா?" இதைக் கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது.

"நீ வாயை மூட்றா" என்றார் பாய், என்னைப் பார்க்காமல். "தடைக் கல்லு வந்தா போவாதேன்னும் இல்ல, பொறுத்துக்கினு கெடன்னும் இல்ல. எது தடைன்னு பேர் சொல்லுங்குது. கூட்டு பக்கத்துல வந்தா, கூட்டு ஒடைஞ்சி போச்சின்னு அர்த்தமில்ல. கூட்டு கீது, மூச்சு முட்டுது. முட்டறது எதனால, யாரு கொண்டாந்து வெச்சது, அதைப் பாரு. காந்தாம்மா, கல்லு எப்படி வந்திருக்கு பாரு. சாய்வுக் கோடு நட்டநடுவுல இல்ல, கொஞ்சம் மேல இருக்கணும். தலை எது கால் எதுன்னு தெரியறதுக்காக அப்படிச் செதுக்கியிருக்காங்க. இங்க கீழ இருக்கு."

"தலைகீழா?"

"தலைகீழ். நேரா வந்தா வெளியில இருக்கற தடைன்னு ஆரம்பிப்பேன். ஊரு, புருஷன், சட்டம். தலைகீழா வந்தா மொதல்ல உள்ள பாக்கணும். எதையோ கண்ணுல படாம ஒளிச்சி வெச்சிருந்தா, அது உள்ளருந்து குடையும். அந்த நேரத்துல கோவத்துல எதுவும் முடிவு பண்ணக் கூடாது. ஒளிச்சதை வெளிய எடு. அப்புறம்தான் மிச்சத் தடை எவ்ளோ பெருசுன்னு தெரியும்."

அண்ணியின் முகம் சுண்டியது. மிளகாய்ப் பானையை அவள் நினைத்தாள். நானும் அதையே நினைத்தேன். அவள் சொன்னாள், கல்லைப் பார்த்து, பாயைப் பார்த்து இல்லை: "ஊருக்கு அடுப்பு எரியணும். அது ஒரு தடை. அது நான் வெச்சதில்ல. அவருக்குப் பயம். அதுவும் நான் வெச்சதில்ல. வேலை வந்துட்டதை நான் சொல்லல. சொன்னா கிழிச்சிப் போட்டுருவாருன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒருவாட்டிதான் கேட்டேன். அதுக்கப்புறம் திருட்டுத்தனமா மனுப் போட்டேன்."

"அது யாரு வெச்சது?"

"நான்."

படகுக்காரன் இரண்டாம் குரல் கொடுத்தான். அண்ணி எழுந்து நடந்தாள். நான் பின்னால் கிளம்ப, பாய் என் சட்டைக் காலரைப் பிடித்தார். பையைக் கவிழ்த்தார். கைக்குட்டை மூட்டை தொப்பென்று விழுந்தது.

"அவிழ்."

அவிழ்த்தேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் போடச் சொன்னார். உள்ளே இருந்து ஜொஹரா, "அந்தக் கருமத்தை ஐஸோட ஐஸா ஏரியில கொட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது" என்று கத்தினார்.

"ஏன் பாய் அப்பவே சொல்லல?" என்று முணுமுணுத்தேன்.

"ரெண்டு கல்லை நீ வெச்சே. சரி. ஒண்ணு தலைகீழா வந்துதே, அது நீ வெச்சதா?"

இல்லை. மேலே கீழே என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"அதனாலதான் படிச்சேன். போயி உங்க அண்ணிகிட்ட சொல்லு. சொல்லாம விட்டே, இனிமே இங்க ஐஸ் கெடையாது."

நடு ஏரியில் படகு போகும்போது சொன்னேன். அவள் என்னை ஏரியில் தள்ளுவாள் என்று பலகையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் தூரத்தில் நட்டிருந்த வலைக் கம்புகளைப் பார்த்தபடி இருந்தாள்.

"காயிதத்தை எப்ப பாத்தே?"

"நேத்து. புளி எடுக்கப் போனேன்."

"அதான் கண்ணு செவந்திருந்துதா." பிறகு, "கல்லு நீ வெச்சது. கேள்வி என்னுது. பதிலும் என் வாயிலதான் வந்துது. அதை நீ வெக்கல" என்றாள். எறிவதற்கு ஓர் இறால்கூடக் கையில் இல்லாததால் என் தலையில் குட்டினாள். வலித்தது. நிம்மதியாக இருந்தது.

அன்று அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் காகிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னான். படித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"திங்கக்கெழமை" என்றான் அண்ணன்.

"திங்கக்கெழமை. அஞ்சு நாள் அங்க, சனிக்கெழமை மத்தியானம் வந்துருவேன். உங்களை விட்டுட்டுப் போகல. உங்ககிட்ட சொல்லாம மனுப் போட்டது தப்பு. வேலைக்குப் போறது தப்பில்ல."

"அடுப்பு?"

"தலையாரி அடுப்பு எரியுதான்னுதான் பாப்பாரு. யாரு மூட்டினாங்கன்னு என்னிக்காவது கேட்டாரா?"

அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். அடுத்த மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. பூனைகூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது. கல் பார்த்தபோது கோபத்தில் முடிவெடுக்காதே என்று பாய் சொன்னதால் அண்ணியும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் இரண்டு புடவையை மடித்துத் துணிக்கொடியில் போட்டு வைத்தாள். ஞாயிறு பொழுது சாய்ந்ததும் அண்ணன் வலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான், போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கள் விடியும் முன் அண்ணி எழுந்தாள். அடுப்பைச் சுத்தமாக வழித்தாள். சவுக்குச் சுள்ளியை அடுக்கினாள். பானையில் தண்ணீர், அரிசி, பக்கத்தில் தீப்பெட்டி. நெருப்பு மட்டும் வைக்கவில்லை.

"மூட்டிட்டுப் போ அண்ணி. தலையாரி வர ஒரு மணி நேரம் ஆவும், தணல் இருக்கும்."

"இன்னிக்கு இருக்கும். அடுத்த வாரம்?" பையைத் தோளில் மாட்டினாள். "இத்தினி நாள் நான் ஒருத்தியே கொடுத்தேன். அவர் பங்கு அங்க கீது. நீ மூட்டக் கூடாது. மூட்டினே, சனிக்கெழமை வந்ததும் தெரிஞ்சிரும் எனக்கு."

"எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சி சொல்லும்."

படகில் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாளா என்று நான் பார்க்கவில்லை. கண்ணில் பூச்சி விழுந்திருந்தது.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். தீப்பெட்டி கையில். கிழக்கே வெளுத்தது. தெருவின் அந்தக் கோடியில் கண்ணப்பன் இருமுகிற சத்தம் கேட்டது. முதல் வீடு. கோவிந்தம்மா வீட்டில் ஏதோ பேசிச் சிரித்தார். இரண்டாம் வீடு. எங்களுடையது ஏழாவது. ஒரு குச்சி உரசினால் முடிந்தது. யாருக்கும் தெரியாமல் எத்தனை வேலை செய்திருக்கிறேன், இதென்ன பெரிய வேலை. குச்சியை எடுத்துவிட்டேன். அப்போது பையின் அடியில் கிடந்த அந்தக் கைக்குட்டை மூட்டை ஞாபகம் வந்தது. மூச்சு முட்டுகிற மாதிரி நானே முடிந்த முடிச்சு. குச்சியைப் பெட்டியில் போட்டேன். நான் செய்யாமல் விட்ட ஒரே குறும்பு அது.

நாலாம் வீடு. ஐந்தாம் வீடு.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். இடுப்புவரை ஈரம். முதலில் கொடியைப் பார்த்தான். இரண்டு புடவை இல்லை.

"போயிட்டாளா?"

"முதல் படகுல."

"அடுப்பு?"

"மூட்டல. உனக்குன்னு வெச்சிட்டுப் போயிருக்காங்க."

அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வலையில் எதுவோ கனமாக மாட்டி, இழுப்பதா அறுத்துவிடுவதா என்று யோசிக்கிறவன் முகம். அறுத்துவிட்டால் பாடு போகும். பாடு போனால் எல்லாப் பழியையும் அவள்மேல் போடலாம், ஊரும் அவன் பக்கம் நிற்கும், அவள் வேலையை விட்டு வந்துதான் ஆக வேண்டும். அது அவனுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஆறாம் வீட்டில் கண்ணப்பன் குரல் கேட்டது.

அண்ணன் குந்தி உட்கார்ந்தான். கை ஈரம். முதல் குச்சியின் மருந்து கரைந்தது. இரண்டாவது உடைந்தது. நான் தீப்பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். "வுட்றா" என்றான். கையை என் சட்டையில் துடைத்தான். மூன்றாவது பற்றியது. சுள்ளியில் வைத்து, தரையில் கன்னம் படக் குனிந்து ஊதினான். புகை கிளம்பி நேராக அவன் கண்ணில் போனது.

கண்ணப்பன் நிலைப்படியில் நின்றார். அடுப்பைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பின்னால் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா தருமா, நீயா ஆக்கறே? காந்தா எங்க?"

"ஆரம்பாக்கத்துல வேலை. வாரத்துல அஞ்சு நாள் அங்க இருப்பா." அண்ணன் நிமிரவில்லை. "நெருப்பு கீதா இல்லியா?"

"கீது."

"அப்ப எழுதிக்க."

பின்னால் ஒருத்தன் சிரித்தான். கண்ணப்பன் நோட்டைப் புரட்டினார், ஈரப்படுத்த பென்சில் முனையை நாக்கில் வைத்தார், யோசித்தார். அதற்குள் அரிசியே வெந்துவிடும் போல இருந்தது. கடைசியில் குறித்துக்கொண்டு எட்டாம் வீட்டுக்குப் போனார்.

அன்றைய சோறு அடியில் கருகி, நடுவில் வேகாமல் அரிசியாகவே நின்றது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் இரண்டு வாய் தின்றான். கண் இன்னும் சிவப்பாக இருந்தது.

"சனிக்கெழமை எந்தப் படகுல வருவா?" என்று கேட்டான்.

"மத்தியானப் படகு."

"பழவேற்காட்டுக்கு நானே போறேன். நீ வூட்ல இரு. அடுப்பைப் பாத்துக்க."